1,400 ரூபாய் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் 470 தான் வருமா?

பழைய வண்ணை, பிப்ரவரி 3, இரவு 9.50

பொங்கல் தள்ளுபடியில் ஒரே ஆர்டரில் மூன்று பொருள் வாங்கினேன். மிக்சி 3,600, ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் 1,400, கெட்டில் 1,000. மொத்தம் 6,000. பத்து சதவீதக் கூப்பன் போட்டதில் 600 குறைந்து 5,400 கட்டினேன். டெலிவரிக்குக் காசு இல்லை.

அயர்ன் பாக்ஸ் வந்ததும் பெட்டியைத் திறந்தால் பருத்த பிளக். 2,000 வாட், 16 ஆம்பியர் பிளக். நாங்கள் இருப்பது வாடகை வீடு, கட்டி முப்பது வருஷம் இருக்கும், அந்தப் பிளக் நுழையும் பாயிண்ட் ஒன்றே ஒன்று, அதுவும் ஏசிக்காகப் பரண் உயரத்தில். ஸ்டூல் போட்டு ஏறி நின்றா சட்டை தேய்ப்பது? ரிட்டர்ன் போட்டேன். மூன்றாம் நாள் ஆள் வந்து எடுத்துப் போனார்.

இன்று கணக்கில் 470 ரூபாய் வந்திருக்கிறது. 1,400க்கு 470. திரும்பி வந்த பொருளை மறுபடி ஸ்டாக்கில் வைக்க ரீஸ்டாக்கிங் கட்டணம் 15 சதவீதம், பிக்கப்புக்கு 120 என்று ரிட்டர்ன் போடும்போதே காட்டினார்கள், அதை நான் மறுக்கவில்லை. கூப்பன் 600ஐ மூன்று பொருளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 200. ஆக 1,400ல் 200 போனால் 1,200, அதில் 210, 120 போனால் 870 வரவேண்டும். 400 ரூபாயை முழுங்கிவிட்டார்கள். நான் போடும் கணக்கு சரியா, அவர்கள் கணக்கு சரியா?

காசிமேடு பையன், பிப்ரவரி 3, இரவு 10.15

ஏழு வேலை நாள் வரை ஆகும் அக்கா, பொறுமையா இருங்க. எனக்கு ஷூ ரிட்டர்ன் பணம் பத்து நாள் கழித்து வந்தது.

பழைய வண்ணை, பிப்ரவரி 3, இரவு 10.20

தம்பி, பணம் வந்துவிட்டது. குறைவாக வந்திருக்கிறது. மேலே படி.

காசிமேடு பையன், பிப்ரவரி 3, இரவு 10.22

ஓ. சாரிக்கா. எனக்கு முழுசா வந்தது. ஆனால் அது கேஷ் ஆன் டெலிவரி, கூப்பன் ஒன்றும் இல்லை.

சட்டப்புள்ளி, பிப்ரவரி 3, இரவு 11.05

ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது. 2020ல் வந்த இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டு முழு 1,400ஐயும் கேளுங்கள். இவர்களை விட்டால் ஏறி மிதிப்பார்கள்.

மாதவரம் கோடவுன், பிப்ரவரி 4, காலை 7.30

ஆறு வருஷம் ரிட்டர்ன் செக்‌ஷனில் உட்கார்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். இரண்டு பேர் கணக்கும் தப்பு, சட்டப்புள்ளி சொல்வதும் பாதிதான் சரி.

முதலில் அக்கா கணக்கு. கூப்பனைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்க மாட்டார்கள், விலைக்குத் தக்கபடி பிரிப்பார்கள். 6,000க்கு 600 என்றால் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பத்து ரூபாய். அயர்ன் பாக்ஸின் பங்கு 140, மிக்சிக்கு 360, கெட்டிலுக்கு 100. தலைக்கு 200 என்று பிரித்தால் கெட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், மிக்சியில் பதினெட்டில் ஒரு பங்குதான் போகும். யாரும் அப்படிப் போடுவதில்லை. ஆகவே நீங்கள் அயர்ன் பாக்ஸுக்கு நிஜமாகக் கட்டியது 1,260.

இனி அந்த 470 எப்படி வந்தது என்று பாருங்கள். கூப்பனில் குறைந்தபட்ச ஆர்டர் தொகை ஏதாவது இருந்ததா? 5,000 என்று இருந்தால் நான் சொல்வதுதான் நடந்திருக்கும். அயர்ன் பாக்ஸ் போனபின் உங்களிடம் மிச்சம் இருப்பது 4,600 ரூபாய்ப் பொருள். 5,000க்குக் கீழே இறங்கிவிட்டதால் கூப்பனே செல்லாது என்று சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது மிக்சியும் கெட்டிலும் முழு விலை 4,600. நீங்கள் கட்டியது 5,400. வித்தியாசம் 800. அதில் 210, 120 கழித்தால் 470. பைசா சுத்தமாக வருகிறது பாருங்கள்.

பழைய வண்ணை, பிப்ரவரி 4, காலை 8.10

கூப்பனில் "குறைந்தது 5,000 ரூபாய்" என்றுதான் இருந்தது. அப்படியென்றால் திருப்பிக் கொடுத்தது அயர்ன் பாக்ஸ், விலை ஏறியது மிக்சிக்கும் கெட்டிலுக்குமா? அவை இரண்டும் என் சமையலறையில் சும்மாதானே இருக்கின்றன.

கொருக்குப்பேட்டை, பிப்ரவரி 4, காலை 8.40

அயர்ன் பாக்ஸுக்குப் பதில் கெட்டிலைத் திருப்பியிருந்தால் மிச்சம் கரெக்டா 5,000. கூப்பன் பிழைத்திருக்கும். ஸ்டூல் போட்டு ஏறித் தேய்த்துக்கொண்டு டீயை அடுப்பிலேயே வைத்திருக்கலாம்.

மாதவரம் கோடவுன், பிப்ரவரி 4, மதியம் 1.15

சிரிப்பாகச் சொன்னாலும் கணக்கு அப்படித்தான். கெட்டிலைக் கொடுத்திருந்தால் கூப்பனில் 100 போயிருக்கும். அயர்ன் பாக்ஸைக் கொடுத்ததால் 600 போனது.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கூப்பனுக்காகவே தொகையை 5,000க்கு ஏற்றி வாங்கி, மறுநாள் அந்த ஏற்றிய பொருளை மட்டும் திருப்பி அனுப்புபவர்கள் ஏராளம். எங்கள் கோடவுனில் பொங்கல், தீபாவளி முடிந்த வாரத்தில் அப்படி வரும் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்திருக்காது. அதற்காகத்தான் மிச்சக் கூடைக்கு மறுபடி விலை போடும் முறை வந்தது. ஆனால் அப்படிச் செய்வோம் என்று வாங்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் செய்தால் கேட்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ரிட்டர்ன் பாலிசிப் பக்கத்தில் கூப்பனைப் பற்றி என்ன வாசகம் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அந்த ஆர்டரின் இன்வாய்ஸைத் திறந்து, தள்ளுபடியை ஒவ்வொரு பொருளுக்கு நேராகவும் போட்டிருக்கிறார்களா, கடைசியில் மொத்தமாகக் கழித்திருக்கிறார்களா என்று சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி, பிப்ரவரி 4, மதியம் 2.00

நான் சொன்ன விதி என்ன ஆனது? பாதி சரி என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டீர்களே.

மாதவரம் கோடவுன், பிப்ரவரி 4, இரவு 9.05

நீங்கள் நினைவில் வைத்திருப்பது ஆர்டரை ரத்து செய்யும் கட்டணம் பற்றிய விதி. ஆர்டர் உறுதியானபின் வாடிக்கையாளர் ரத்து செய்தால் கட்டணம் வாங்கக் கூடாது, கம்பெனி தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தை அதுவும் ஏற்றுக்கொண்டால் ஒழிய. அது ரத்துக்கு. கைக்கு வந்த பொருளைத் திருப்புவது வேறு. ரிட்டர்ன் செலவு உட்பட ரிட்டர்ன், ரீஃபண்ட் விவரங்களைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. சொல்லிவிட்டு வாங்கினால் தடுப்பதாக அதில் இல்லை.

பொருள் பழுது, போலி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை, சொன்ன தேதிக்குப் பின் வந்தது, இப்படி இருந்தால் கதை வேறு. அப்போது விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது, பணத்தையும் மறுக்க முடியாது. அங்கே ரீஸ்டாக்கிங் என்று கழித்தால் நானும் உங்களோடு சேர்ந்து கத்துவேன். அக்கா, ரிட்டர்ன் போடும்போது காரணம் என்ன கொடுத்தீர்கள்?

பழைய வண்ணை, பிப்ரவரி 4, இரவு 9.30

"இனி தேவையில்லை". அதுதான் மேலேயே இருந்தது, சட்டென்று அமுக்கிவிட்டேன். மற்றதை அமுக்கினால் போட்டோ எடு, வீடியோ எடு என்று கேட்கும்.

பிளக் பற்றி விற்பனைப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. இதைச் "சொன்னபடி இல்லை" என்று எடுக்க முடியாதா?

மாதவரம் கோடவுன், பிப்ரவரி 4, இரவு 9.50

2,000 வாட் என்று போட்டிருந்தார்களா? போட்டிருந்தால் அது பலவீனமான வாதம். 230 வோல்ட்டில் 2,000 வாட் என்றால் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்காது, பெரிய பிளக் தான் வரும். வாட் சொல்லிவிட்டோமே என்பார்கள். பிளக்கைச் சொல்லாதது குறைதான், ஆனால் காரணத்தையும் நீங்களே "தேவையில்லை" என்று கொடுத்தபின் அதை வைத்துச் சண்டை போட வேண்டாம். 330 ரூபாய் போனது போனதுதான். மிச்சத்தைப் பிடியுங்கள்.

கொருக்குப்பேட்டை, பிப்ரவரி 4, இரவு 10.10

வாட் பார்த்து பிளக் கண்டுபிடிக்க எல்லாரும் ஐடிஐ படித்துவிட்டா அயர்ன் பாக்ஸ் வாங்குகிறார்கள்? எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. போகட்டும்.

பழைய வண்ணை, பிப்ரவரி 5, மாலை 6.40

பார்த்துவிட்டேன். வண்ணாரப்பேட்டை மெட்ரோவிலிருந்து வீடு வரும் வழியில் நடந்துகொண்டே போனில் படித்தேன், ஒரு ஆட்டோக்காரரிடம் திட்டும் வாங்கினேன்.

ரிட்டர்ன் பாலிசியில் இருப்பதை அப்படியே தமிழில் தருகிறேன்: கூப்பன் பயன்படுத்தியிருந்தால் திருப்பித் தரும் பொருளின் பங்குக்கான தள்ளுபடி கழிக்கப்படும். இவ்வளவுதான். மிச்சக் கூடை 5,000க்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று கூப்பன் பக்கத்திலும் இல்லை, ரிட்டர்ன் பக்கத்திலும் இல்லை. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன், நாளைக்கே மாற்றி எழுதிவிட்டால்?

இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளுக்கு நேராகவும் தள்ளுபடி போட்டிருக்கிறது. அயர்ன் பாக்ஸ் வரியில் 1,400, தள்ளுபடி 140, அதற்குப் பின் வரிக்கு உட்பட்ட மதிப்பு 1,067.80, ஜிஎஸ்டி 192.20, மொத்தம் 1,260. மாதவரம் அண்ணன் சொன்ன அதே 140. நான் போட்ட 200 தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எனக்கு வரவேண்டியது 1,260 கழித்தல் 210 கழித்தல் 120, 930. சரியா?

மாதவரம் கோடவுன், பிப்ரவரி 5, இரவு 8.20

உங்கள் வழக்கு ஜெயித்த மாதிரிதான். காரணம் சொல்கிறேன், இது எல்லாருக்கும் உதவும்.

இன்வாய்ஸில் பொருள் வாரியாகத் தள்ளுபடி போட்டு 18 சதவீத வரியும் கட்டிவிட்டார்கள் என்றால், மிக்சியின் விலை 3,240, கெட்டில் 900, அயர்ன் பாக்ஸ் 1,260 என்று அவர்களே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பொருள் திரும்பி வந்ததும் அவர்கள் அந்த வரியைத் தங்கள் கணக்கில் குறைத்துக்கொள்ள கிரெடிட் நோட் போடுவார்கள். அது இன்வாய்ஸில் அந்தப் பொருளுக்கு நேராகப் போட்ட தொகையை ஒட்டித்தான் இருக்கும், அதாவது 1,260க்கு. உங்களுக்கு வந்தது 470. நடுவில் நிற்பது 790. அதில் 330க்கு ரீஸ்டாக்கிங், பிக்கப் என்று பெயர் இருக்கிறது. மீதி 460க்கு எந்தக் காகிதமும் இல்லை. நிஜமாகவே மிக்சிக்கும் கெட்டிலுக்கும் விலை ஏற்றியிருந்தால் அந்த 460க்கு உங்களுக்குக் கூடுதல் பில் வந்திருக்க வேண்டும். வந்ததா?

எனவே கஸ்டமர் கேரில் "பணம் குறைவாக வந்தது" என்று அழாதீர்கள். கிரெடிட் நோட் நகல் கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு உங்கள் புகார் சாட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தாண்டி அக்கவுண்ட்ஸுக்குப் போகும்.

இன்னொன்று. ரீஸ்டாக்கிங்கை 1,400க்குப் போட்டு 210 எடுத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டியது 1,260 என்றால் 15 சதவீதம் 189 தான். கட்டாத பணத்துக்கும் கட்டணமா? அப்படிப் பார்த்தால் வரவேண்டியது 951.

சட்டப்புள்ளி, பிப்ரவரி 5, இரவு 8.45

இதில் அண்ணனோடு நான் ஒத்துப்போகவில்லை. பாலிசியில் "பொருளின் விலையில் 15 சதவீதம்" என்று இருந்தால் விலை என்பது 1,400 தானே? கூப்பன் என்பது வாங்கியவருக்குக் கிடைத்த சலுகை, பொருளின் விலை அல்ல.

மாதவரம் கோடவுன், பிப்ரவரி 5, இரவு 9.00

அடேங்கப்பா, முந்தாநாள் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது என்றவர் இன்று கம்பெனி வக்கீல்.

இரண்டு விதமாகவும் போடுகிறார்கள். நான் இருந்த இடத்தில் கட்டிய தொகைக்குத்தான் போடுவோம், பக்கத்து கோடவுனில் பட்டியல் விலைக்குப் போடுவார்கள். வாசகம் மழுப்பலாக இருந்தால் வாங்கியவருக்குச் சாதகமாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. 21 ரூபாய்க்கு எவ்வளவு தூரம் போவீர்கள் என்பது அக்காவின் இஷ்டம்.

தண்டையார்பேட்டை 81, பிப்ரவரி 6, காலை 11.20

பிக்கப் 120க்கு நீங்கள் அதிர்ஷ்டசாலி. எங்கள் பக்கம் பிக்கப் இல்லை, நீயே அனுப்பு என்றார்கள். டேபிள் ஃபேன், எடை மூன்று கிலோகூட இல்லை. கூரியர் ஆபீசில் அளவுகோல் வைத்து அளந்தார், நீளம் 50, அகலம் 45, உயரம் 20 சென்டிமீட்டர். பெருக்கி 5,000ஆல் வகுத்து ஒன்பது கிலோ என்றார். காற்றுக்கும் சேர்த்துக் காசு. கடைக்காரன் திருப்பித் தருவதாகச் சொன்ன கூரியர் செலவு மூன்று கிலோவுக்குத்தான். ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பியும் மீதி வரவில்லை. பெட்டி அவர்களே அனுப்பிய பெட்டி, சின்னதில் வைத்தால் வாங்க மாட்டார்களாம்.

பழைய வண்ணை, பிப்ரவரி 6, மதியம் 12.05

ஐயோ. ஒன்பது கிலோ ஃபேன். அதற்கு ரயில்வே பார்சலில் போட்டிருக்கலாம்.

நான் நேற்று இரவே மெயில் போட்டுவிட்டேன், அவர்கள் தளத்தில் கீழே குறைதீர் அலுவலர் என்று போட்டிருக்கும் முகவரிக்கு. நாலு வரிதான். இன்வாய்ஸ் எண், அயர்ன் பாக்ஸ் வரியில் 1,260, உங்கள் பாலிசிப்படி கூப்பன் பங்கு 140, நீங்கள் பிடித்தது 600, இந்த ரிட்டர்னுக்கான கிரெடிட் நோட் நகலும் 460க்கான விளக்கமும் தேவை. 189ஐயும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன், கேட்டால் என்ன குறைந்துவிடும்.

சட்டப்புள்ளி, பிப்ரவரி 6, மதியம் 12.30

நல்லது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது அதே 2020 விதியில்தான் இருக்கிறது, இதை மட்டும் நான் சரியாகச் சொல்கிறேன், மறுபடி படித்துவிட்டு வந்தேன். அது நடக்காவிட்டால் 1915. அதற்கும் அசையாவிட்டால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை கட்டிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் போடலாம்.

கொருக்குப்பேட்டை, பிப்ரவரி 6, மாலை 5.15

460க்கு ஆணையமா. ஆட்டோ காசே அதில் பாதி போகும்.

பழைய வண்ணை, பிப்ரவரி 9, இரவு 10.00

48 மணி நேரத்தில் ஒரு டிக்கெட் எண் வந்தது. இன்று போன் வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், கூப்பன் தகுதி இழந்துவிட்டது" என்று ஆரம்பித்தார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன், சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும் என்றார். கிரெடிட் நோட் எவ்வளவுக்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, கீபோர்டு மட்டும் கேட்டது. அப்புறம், நல்லெண்ண அடிப்படையில் 460ஐ அவர்கள் வாலட்டில் போடுகிறோம், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தலாம் என்றார்.

எனக்குச் சபலம் தட்டியது, உண்மையைச் சொல்கிறேன். எப்படியும் ஏதாவது வாங்குவோமே என்று. ஆனால் நான் கட்டியது வங்கியிலிருந்து, வாலட்டிலிருந்து இல்லை. வந்த வழியிலேயே போகட்டும் என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மாதவரம் கோடவுன், பிப்ரவரி 9, இரவு 10.25

நல்ல வேளை மறுத்தீர்கள். வாலட்டில் வாங்கிவிட்டால் டிக்கெட் மூடிவிடும், அதைச் செலவு செய்ய மறுபடி ஒரு "குறைந்தது 5,000" வரும்.

காசிமேடு பையன், பிப்ரவரி 9, இரவு 11.40

அக்கா இப்போ ஒரு டவுட். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் ஆஃபரில் இரண்டு ஜீன்ஸ் எடுத்தேன், ஒன்று இடுப்பில் நிற்கவில்லை. அதை மட்டும் திருப்பினால் எவ்வளவு வரும்? இலவசத்துக்கு விலை பூஜ்யமா, பாதியா?

மாதவரம் கோடவுன், பிப்ரவரி 10, காலை 7.10

இன்வாய்ஸைப் பார் தம்பி. இரண்டு வரியிலும் பாதிப் பாதி விலை போட்டிருந்தால் பாதி வரும். ஒரு வரியில் முழு விலையும் இன்னொன்றில் பூஜ்யமும் போட்டிருந்தால், எந்த ஜீன்ஸ் நிற்கவில்லை என்பதைப் பொறுத்து உன் தலையெழுத்து. இரண்டையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும் என்றும் சிலர் வைத்திருப்பார்கள்.

பழைய வண்ணை, பிப்ரவரி 14, மாலை 7.20

460 வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. ஆக 930. கிரெடிட் நோட்டும் மெயிலில் வந்தது, மாதவரம் அண்ணன் சொன்னபடியே 1,260க்கு. விளக்கம் ஒன்றும் இல்லை, "உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி" என்று மட்டும் இருந்தது. 21 ரூபாய்க்குப் பதிலே இல்லை. பாலிசியில் வாசகம் "பொருளின் விலை" என்றுதான் இருக்கிறது, சட்டப்புள்ளி சந்தோஷப்படலாம்.

அந்தக் கூப்பன் பக்கத்தை இன்று மறுபடி பார்த்தேன். கீழே புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறது, ரிட்டர்னுக்குப் பின் ஆர்டர் தொகை குறைந்தால் கூப்பன் ரத்தாகும் என்று. அடுத்து வாங்குபவருக்கு நான் செய்த உபகாரம்.

தண்டையார்பேட்டை 81, பிப்ரவரி 14, இரவு 8.00

ஸ்கிரீன்ஷாட் எடுத்தது பிழைத்தது. எனக்கு ஃபேன் காசு இன்னும் வரவில்லை.

பழைய வண்ணை, பிப்ரவரி 16, காலை 10.30

கடைசியாக ஒன்று. நேற்று கல்மண்டபம் பக்கம் ஒரு கடையில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் வாங்கிவிட்டேன், சின்ன பிளக், கடையிலேயே சொருகிச் சூடு பார்த்துக் கொடுத்தார். பில்லில் சிவப்பு மையில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று முத்திரை. சட்டப்புள்ளி, இது செல்லுமா?

சட்டப்புள்ளி, பிப்ரவரி 16, காலை 11.15

பழுதான பொருளுக்குச் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். மனம் மாறினால் மட்டும் அந்த முத்திரை உங்களைக் கட்டும். இதற்கும் மாதவரம் அண்ணன் வந்து பாதி சரி என்பார்.

மாதவரம் கோடவுன், பிப்ரவரி 16, மதியம் 1.40

இது முழுசா சரி. பில்லைப் பத்திரமாக வையுங்கள் அக்கா, அந்தச் சிவப்பு மை வெயில் பட்டால் வெளுத்துவிடும், கூடவே தேதியும்.